பேரிங் நம்பருக்குள் இருக்கும் மூன்று அளவுகள்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. அங்கே தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டார் இரண்டு நாளாகக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை மெக்கானிக் வந்தார். பின்பக்க மூடியைக் கழற்றி, புல்லரை மாட்டித் திருகி, ஷாப்ட்டிலிருந்து பேரிங்கை உருவி எடுத்தார். டீசலில் முக்கித் துணியால் துடைத்தபோது, வளையத்தின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண் பாதி தெரிந்தது. முதலில் ஒரு 6. அதற்கு அடுத்த இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. பிறகு 05.

“நம்பரே போச்சே தம்பி. இதையே எடுத்துட்டுப் போய்க் கடையில காட்டணுமா?” என்றார் தோட்டக்காரர்.

“மூணு எழுத்து மிச்சம் இருக்குதுங்ணா. போனதை அளந்து கண்டுபிடிச்சுக்கலாம்.”

வெர்னியரை எடுத்து வெளிவிட்டத்தை மட்டும் ஒரு தடவை அளந்தார். 62 மில்லிமீட்டர். ஒரு துண்டுக் காகிதத்தில் 6305 என்று எழுதித் தோட்டக்காரரிடம் நீட்டினார். எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை.

அவர் செய்ததில் மந்திரம் ஏதும் இல்லை. பேரிங் நம்பர் கார் நம்பர் மாதிரி வரிசையாகக் கொடுக்கப்படுவது அல்ல. அதற்குள் மூன்று அளவுகள் அடங்கியிருக்கின்றன: ஷாப்ட் நுழையும் துளையின் உள்விட்டம், வெளி வளையத்தின் வெளிவிட்டம், பேரிங்கின் அகலம். முதலாவதை நம்பரிலிருந்து நேராகக் கணக்கிடலாம். மற்ற இரண்டையும் நம்பர் சுட்டிக்காட்டும், அட்டவணை சொல்லும். இந்த அளவுத் திட்டம் ஐ.எஸ்.ஓ. 15 என்ற சர்வதேசத் தரத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஸ்வீடன் கம்பெனி செய்த 6204, ஜப்பான் கம்பெனி செய்த 6204, இந்தியாவில் தயாரான 6204 எல்லாமே 20 மி.மீ. துளை, 47 மி.மீ. வெளிவிட்டம், 14 மி.மீ. அகலம் என்று ஒரே அளவில் இருக்கின்றன.

கடைசி இரண்டு இலக்கங்கள்

பேரிங் நம்பரை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ZZ, C3 போல நம்பருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகளை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். அவைதான் துளையின் குறியீடு. அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்.

6204 என்றால் கடைசியில் 04. நாலைந்து இருபது, துளை 20 மி.மீ. 6305 என்றால் 25 மி.மீ. 6210 என்றால் 50 மி.மீ. 22220 போன்ற பெரிய உருளை பேரிங்குக்கும் இதே கணக்குதான்: 100 மி.மீ. இந்தப் பெருக்கல் 04-இல் தொடங்கி 96 வரை, அதாவது 20 மி.மீ. முதல் 480 மி.மீ. வரை செல்லும்.

04-க்குக் கீழே கணக்கு மாறுகிறது. 20 மி.மீ.-க்குக் குறைவான ஷாப்ட்களில் 10, 12, 15, 17 என்ற நான்கு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் 12-ம் 17-ம் ஐந்தின் மடங்குகள் இல்லை. அதனால் இந்த நான்குக்கும் வரிசையாக 00, 01, 02, 03 என்று குறியீடு தரப்பட்டிருக்கிறது. 6200-இன் துளை 10, 6201-இன் துளை 12, 6202-இன் துளை 15, 6203-இன் துளை 17. இதற்குச் சூத்திரம் கிடையாது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து, பதினேழு என்று வாயில் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டு சீலிங் ஃபேன்கள் பலவற்றில் இருப்பது 6201 அல்லது 6202 என்பதால், சாதாரண மனிதர் கையில் முதலில் கிடைக்கும் பேரிங் பெரும்பாலும் இந்த விதிவிலக்கு வரிசையைச் சேர்ந்ததாகவே இருக்கும். 6202-ஐ ஐந்தால் பெருக்கி 10 மி.மீ. என்று நினைத்தால் முதல் கணக்கே தப்பாகிவிடும்.

10 மி.மீ.-க்கும் கீழே போனால் குறியீடே இல்லை. கடைசி ஒற்றை இலக்கமே துளையின் அளவு. ஸ்கேட்டிங் சக்கரங்களிலும், சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் விரலில் வைத்துச் சுழற்றிய ஸ்பின்னரிலும் இருந்த 608 இதற்கு நல்ல உதாரணம். அதன் துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22, அகலம் 7. அதே போல 625-இன் துளை 5, 626-இன் துளை 6.

இங்கே ஒரு பூஜ்ஜியத்தின் விலையைப் பார்க்கலாம். 608 என்று கேட்பதற்குப் பதில் 6008 என்று கேட்டால், கிடைப்பது 40 மி.மீ. துளையும் 68 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட பேரிங். ஒன்று சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியது. மற்றது உள்ளங்கையை நிறைக்கும்.

நடுவில் இருக்கும் இலக்கம்

உள்விட்டம் தெரிந்துவிட்டது. ஆனால் 20 மி.மீ. துளை உள்ள பேரிங்குகள் ஒன்றல்ல, பல. ஒரே ஷாப்டுக்கு மெலிந்ததும் உண்டு, தடித்ததும் உண்டு. எது எவ்வளவு தடிமன் என்பதைச் சொல்வதுதான் துளைக் குறியீட்டுக்கு இடப்புறம் நிற்கும் இலக்கம். அதற்கு விட்ட வரிசை என்று பெயர். கடைக்காரர்கள் இதைத்தான் அறுபது சீரிஸ், அறுபத்திரண்டு சீரிஸ், அறுபத்து மூன்று சீரிஸ் என்கிறார்கள்.

20 மி.மீ. துளையையே எடுத்துக்கொள்வோம். 6004-இன் வெளிவிட்டம் 42, அகலம் 12. 6204-இன் வெளிவிட்டம் 47, அகலம் 14. 6304-இன் வெளிவிட்டம் 52, அகலம் 15. 6404-இன் வெளிவிட்டம் 72, அகலம் 19. நான்கும் ஒரே ஷாப்ட்டில் ஏறும். ஒன்றின் ஹவுசிங்கில் இன்னொன்று உட்காராது.

வளையம் பெரிதானால் உள்ளே ஓடும் குண்டுகளும் பெரிதாகும். 6204-ஐப் பிரித்துப் பார்த்தால் பொதுவாக எட்டுக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 8 மி.மீ. 6304-இல் பொதுவாக ஏழு குண்டுகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் 9.5 மி.மீ. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் தாங்கும் பாரம் கூடுகிறது. கம்பெனிப் பட்டியல்களில் 6304-இன் சுமைத்திறன் 6204-ஐ விட ஏறக்குறையக் கால் பங்கு அதிகம். 6404-உடையதோ இரண்டு மடங்குக்கும் மேல். இதற்கு மாற்றாக, பெரிய வரிசைக்குப் போகப் போக ஓடக்கூடிய உச்ச வேகம் குறையும். மோட்டாரை வடிவமைத்தவர் 62-ஐத் தேர்ந்தெடுத்தாரா 63-ஐத் தேர்ந்தெடுத்தாரா என்பது இந்த இரண்டையும் எடைபோட்டுத்தான்.

நான்கை விட மெலிந்தவையும் உண்டு. 20 மி.மீ. துளையில் 37 மி.மீ. வெளிவிட்டமும் 9 மி.மீ. அகலமும் கொண்ட பேரிங்கை 61904 என்று ஐரோப்பியக் கம்பெனிகள் எழுதுகின்றன. ஜப்பான் கம்பெனிகள் 6904 என்று சுருக்குகின்றன. அதைவிட மெல்லியது 61804, அதாவது 6804. வெளிவிட்டம் 32, அகலம் 7. இங்கே பலர் குழம்புவார்கள். 8, 9 என்றால் பெரியதாக இருக்க வேண்டாமா? விட்ட வரிசையின் ஒழுங்கு 8, 9, 0, 1, 2, 3, 4 என்று ஓடுகிறது. கடிகாரத்தில் 12-க்கு அப்புறம் 1 வருவது போல 9-க்கு அப்புறம் 0 வருகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வெளிவிட்டத்துக்கு ஏதாவது பெருக்கல் வாய்ப்பாடு உண்டா என்று கேட்டால், இல்லை. 62 வரிசையில் 04-க்கு 47, 05-க்கு 52, 06-க்கு 62, 07-க்கு 72 என்று ஒழுங்கில்லாமல்தான் ஏறுகிறது. அட்டவணையைப் பார்த்தே தீர வேண்டும். அந்த அட்டவணை எல்லாக் கம்பெனிகளுக்கும் பொது என்பதுதான் ஆறுதல். தினமும் பேரிங்கோடு புழங்குகிறவர்களுக்கு 00 முதல் 10 வரை மனப்பாடமாகவே இருக்கும்.

துரு தின்ற இலக்கம்

இப்போது தோப்புக்குத் திரும்பலாம். மெக்கானிக் கையில் இருந்தது 6, ஓர் அழிந்த இலக்கம், 05. கடைசி இரண்டு இலக்கங்களால் துளை 25 என்பது உறுதி. முதல் 6, இது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்பதைச் சொல்கிறது. அழிந்தது விட்ட வரிசை. 25 மி.மீ. துளையில் நான்கு இலக்க நம்பர்களாக மோட்டார்களில் சாதாரணமாக வரக்கூடியவை நான்கு: 6005 என்றால் வெளிவிட்டம் 47, 6205 என்றால் 52, 6305 என்றால் 62, 6405 என்றால் 80. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறது. வெர்னியர் 62 என்று காட்டியதும் அழிந்த இலக்கம் 3 என்று தெரிந்துவிட்டது.

சரிபார்க்க இன்னோர் அளவு இருக்கிறது. 6305-இன் அகலம் 17. வெளிவிட்டம் 62 வந்து, அகலமும் 17 வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அகலம் 24 வந்திருந்தால்? அப்போது அது 6305 அல்ல, 62305. இப்படி ஐந்து இலக்கங்கள் கொண்ட பேரிங்குகளும் சந்தையில் உண்டு.

அந்த ஐந்தாவது இலக்கத்தின் கதை இதுதான். முறைப்படி ஒவ்வொரு பேரிங்குக்கும் இரண்டு வரிசைகள் உண்டு: அகல வரிசை, விட்ட வரிசை. 6204-இல் அகல வரிசையின் இலக்கம் 0. வழக்கத்தில் அதை எழுதுவதில்லை. அகலம் கூடுதலான பேரிங்காக இருந்தால் மட்டும் அது வெளியே வரும். 62204 என்பதை 6, 22, 04 என்று பிரிக்க வேண்டும். 22-இல் வலப்பக்க 2 விட்ட வரிசை. ஆகவே வெளிவிட்டம் 6204-க்குரிய 47-தான். இடப்பக்க 2 அகல வரிசை. ஆகவே அகலம் 14-க்குப் பதில் 18. துருப்பிடித்த வளையத்தில் இரண்டு 2-கள் ஒட்டி நிற்பதை ஒன்றாகப் படித்துவிட்டால், நான்கு மில்லிமீட்டர் குறைவான பேரிங் வாங்கி வருவார்கள். ஷாப்ட்டில் ஏறும், ஹவுசிங்கிலும் உட்காரும். ஆனால் மூடியைப் பூட்டிய பிறகு ஷாப்ட் முன்னும் பின்னும் ஆடும்.

வகை மாறினாலும் அளவு மாறாது

முதல் இலக்கம் பேரிங்கின் வகை. 6 என்றால் ஒற்றை வரிசைக் குண்டு. 7 என்றால் சாய்வுத் தொடர்புக் குண்டு. 1 என்றால் ஷாப்ட் சற்றுக் கோணினாலும் தானே சரிசெய்துகொள்ளும் இரட்டை வரிசைக் குண்டு. இந்தக் கடைசி வகையை 1907-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் உருவாக்கியவர் ஸ்வென் விங்க்விஸ்ட். அங்கே ஒரு நெசவாலையில் பொறியாளராக இருந்தவர். நீண்ட ஷாப்ட்கள் கோணிக்கோணிப் பேரிங்குகள் ஓயாமல் கெட்டுப்போனதைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார். அதே ஆண்டு தொடங்கிய கம்பெனிதான் எஸ்.கே.எஃப். நேர் உருளைகள் கொண்ட பேரிங்குக்கு எண்ணுக்குப் பதில் NU, NJ போன்ற எழுத்துகள் வரும்.

வகை எதுவானாலும் அதற்குப் பின்னால் வரும் எண்கள் ஒரே பொருளைத்தான் தருகின்றன. 6205, 7205, 1205, NU205 ஆகிய நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து அளந்தால், நான்குமே துளை 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. உள்ளே குண்டா, உருளையா, ஒரு வரிசையா, இரண்டு வரிசையா என்பதெல்லாம் வேறு; வெளிக்கூடு ஒன்றே. கூம்பு உருளை பேரிங்கான 30205-இலும் துளை 25, வெளிவிட்டம் 52. அகலம் மட்டும் 16.25.

ஒரே அளவு என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்று அர்த்தமில்லை. NU வகையில் உள் வளையம் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்துவிடும்; ஷாப்ட்டை நீளவாக்கில் பிடித்து நிறுத்த அதற்குத் திறன் இல்லை. 6205 இருந்த இடத்தில் NU205-ஐப் போட்டால் கச்சிதமாக உட்காரும், ஆனால் மோட்டாரின் ஷாப்ட் இடம் பெயரும்.

இந்த ஒற்றுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பாரத்தை அச்சின் திசையில் தாங்கும் திரஸ்ட் பேரிங்குகள் தனி அட்டவணையைச் சேர்ந்தவை. 51205-இன் துளை 25-தான், வெளிவிட்டமோ 47.

ஒரே குழியில் இரண்டு நம்பர்கள்

எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் சில இரட்டையர்கள் கண்ணில் படுவார்கள். 6204-இன் வெளிவிட்டம் 47, அகலம் 14. 6303-ஐப் பார்த்தால் அதற்கும் 47, 14. முன்னதன் துளை 20, பின்னதன் துளை 17. அதே போல 6205-ம் 6304-ம் வெளியில் 52, அகலம் 15. துளைகள் 25, 20.

பழைய பேரிங்கை மூடியோடு கொண்டுவந்து, “இந்தக் குழியில உட்கார்றதாக் குடுங்க” என்று கேட்டு வாங்குகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குழியில் அழகாக உட்கார்ந்த பேரிங், வீட்டுக்குப் போனதும் ஷாப்ட்டில் ஏறாது. வெளிவிட்டமும் அகலமும் சேர்ந்தாலும் நம்பர் முழுமையாகாது. துளையையும் அளந்தாக வேண்டும்.

லேத் பட்டறைகளில் இதே இரட்டையர்களை ஒரு வழியாகவும் பயன்படுத்துவதுண்டு. 25 மி.மீ. ஷாப்ட் பேரிங் உட்காரும் இடத்தில் தேய்ந்துபோயிருந்தால், அதை 20 மி.மீ.-க்குக் கடைந்து, அதே குழியில் 6304-ஐப் போட்டுவிடலாம். பேரிங்கைப் பொறுத்தவரை இது குறையில்லாத மாற்று, சுமைத்திறன் குறைவதில்லை. ஷாப்ட்டைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 25-ஐ 20 ஆக்கினால் அந்த இடத்தில் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாரமான மோட்டாரில் கப்ளிங் பக்கத்தில் இதைச் செய்தால் ஷாப்ட் அங்கேயே முறியும்.

நம்பர் ஏமாற்றும் இடங்கள்

ஐந்தின் மடங்கு அல்லாத 22, 28, 32 மி.மீ. துளைகளும் வழக்கில் உண்டு. இவற்றைக் குறியீட்டில் அடக்க முடியாததால், ஒரு சாய்கோடு போட்டு அளவை அப்படியே எழுதுகிறார்கள். 63/28 என்றால் 63 வரிசை, துளை 28 மி.மீ. இதில் சாய்கோடுதான் உயிர். 63/22 என்பது 22 மி.மீ. துளையும் 56 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட சிறிய பேரிங். கோட்டை விட்டுவிட்டு 6322 என்று போனில் சொன்னால், 110 மி.மீ. துளையும் 240 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட பேரிங்குக்குக் கடைக்காரர் விலை சொல்வார். 500 மி.மீ.-யும் அதற்கு மேலும் உள்ள ராட்சத பேரிங்குகளிலும் இதே சாய்கோட்டு முறைதான்: 60/500-இன் துளை 500.

பிளம்மர் பிளாக்கில் வரும் UC வகை பேரிங்குகளில் வேறொரு பொறி இருக்கிறது. UC205-இன் துளை 25 மி.மீ. UC205-16 என்று வால் நீண்டால் துளை ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அந்த 16, ஓர் அங்குலத்தைப் பதினாறு கூறாக்கி எண்ணியது. 12 என்றால் முக்கால் அங்குலம். வெளிவிட்டம் இரண்டுக்கும் 52 என்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அங்குல ஷாப்ட் 25 மி.மீ. துளைக்குள் போகவே போகாது. 25 மி.மீ. ஷாப்ட்டோ அங்குலத் துளைக்குள் லொடலொடவென்று நுழைந்து, திருகை எவ்வளவு இறுக்கினாலும் சில வாரங்களில் ஷாப்ட்டை அரித்துவிடும்.

ஊசி உருளை பேரிங்குகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. HK2016 என்பதைப் பார்த்து, கடைசி 16-ஐ ஐந்தால் பெருக்கக் கூடாது. அதில் 20 என்பதே ஷாப்ட் அளவு, 16 என்பது நீளம். LM என்று தொடங்கும் அங்குலக் கூம்பு பேரிங்குகளிலும் நம்பரிலிருந்து துளையைக் கணக்கிட வழியில்லை. பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

வெர்னியர் எதுவரை?

பேரிங்கை அடையாளம் காண வெர்னியர் போதும். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசத்தை அது தெளிவாகக் காட்டும். ஷாப்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதை நம்பக் கூடாது. 20 மி.மீ. துளை என்று நம்பர் சொன்னால், சாதாரணத் தரப் பேரிங்கில் அது 20.000-க்கும் 19.990-க்கும் நடுவில் இருக்கும். ஷாப்ட் அதைவிட மிகச் சற்றே பெரிதாக, இறுக்கமாக ஏறும்படி கடையப்பட்டிருக்கும். இங்கே பேசப்படுவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. சாதாரண வெர்னியரின் நுண்ணிய கோடே 0.02 மி.மீ. இந்த வேலைக்கு மைக்ரோமீட்டர் வேண்டும். அது கையில் இல்லாவிட்டாலும் ஷாப்ட்டே ஒரு தடயம் தரும்: உள் வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணாடிப் பளபளப்போ, செம்பழுப்புப் பொடியோ இருந்தால், வளையம் ஷாப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. அப்போது சரியான நம்பரில் புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது. முதலில் ஷாப்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

முதலில் ஒதுக்கி வைத்த வால் எழுத்துகளுக்கு வருவோம். ZZ அல்லது 2Z என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. 2RS என்றால் ரப்பர் மூடி. ஜப்பான் கம்பெனிகளில் இதையே DDU என்றும் LLU என்றும் எழுதுவார்கள். இவை எதுவும் மூன்று அளவுகளையும் மாற்றுவதில்லை. C3 என்பதும் வெளி அளவை மாற்றாது, ஆனாலும் அதை விட்டுவிடக் கூடாது. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சொல்கிறது அது. 25 மி.மீ. துளையுள்ள சாதாரணக் குண்டு பேரிங்கில் இந்த இடைவெளி 5 முதல் 20 மைக்ரான். C3-இல் 13 முதல் 28 மைக்ரான். மோட்டார் ஓடும்போது உள் வளையம் வெளி வளையத்தைவிட அதிகம் சூடாகி விரிகிறது. அந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான் இந்தக் கூடுதல் இடைவெளி. C3 இருந்த இடத்தில் சாதாரணப் பேரிங்கைப் போட்டால் முதல் நாள் சத்தமில்லாமல் ஓடும். தொடர்ந்து ஓடச் சூடு ஏறி, மூடியில் கை வைக்க முடியாத நிலை வரும். எந்த வெர்னியராலும் இந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது, எழுத்துதான் சாட்சி.

தோப்பு மெக்கானிக் காகிதத்தில் 6305 என்று எழுதியதும் பேனாவை மூடிவிடவில்லை. பழைய பேரிங்கைத் திருப்பி, மறுபக்க வளையத்தில் விரலால் கிரீஸை வழித்துப் பார்த்தார். மங்கலாக C3 தெரிந்தது. 6305-க்குப் பக்கத்தில் ZZ C3 என்றும் சேர்த்து எழுதினார். மாலையில் புதுப் பேரிங்கைப் பூட்டி முடித்த பிறகு, ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் மார்க்கரால் அந்த நம்பரையும் தேதியையும் குறித்துவைத்தார்.

வீட்டில் மோட்டாரோ, மிக்சியோ, ஃபேனோ அடுத்த முறை பழுதுக்குப் பிரிக்கப்படும்போது, பழைய பேரிங் குப்பைக்குப் போவதற்கு முன் நம்பரை வாலோடு சேர்த்து ஓரிடத்தில் எழுதி வைத்துவிடுங்கள். எழுத்து அழிந்திருந்தால் துளை, வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அந்த மூன்று எண்களைச் சொன்னால் போதும், எந்த ஊர்ப் பேரிங் கடையிலும் நம்பரை அவர்களே சொல்லிவிடுவார்கள்.